பங்கு, பத்திரம், ரொக்கம்: மாதம் ஒருமுறை மாறும் டூயல் மொமெண்டம் விதியை இந்தியாவில் நடத்துவது எப்படி

விதியைச் சொல்ல இரண்டு வரி போதும். மாதக் கடைசியில், கடந்த 12 மாதத்தில் பங்கு அதிகம் ஏறியதா, அரசுப் பத்திரம் அதிகம் ஏறியதா என்று பாருங்கள். முந்தியது எதுவோ, அது ரொக்கத்தையும் முந்தியிருந்தால் மொத்தப் பணத்தையும் அதில் வையுங்கள். முந்தவில்லை என்றால் ரொக்கத்தில் வையுங்கள். பங்கையும் பத்திரத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது ஒரு சோதனை, வென்றதை ரொக்கத்தோடு ஒப்பிடுவது இன்னொரு சோதனை. அதனால்தான் 'டூயல்'; ஏறுவதன் பின்னால் போவதால் 'மொமெண்டம்'.

விதியில் குழப்பம் இல்லை. தப்பு நடப்பதெல்லாம் அதைச் சுற்றியுள்ள வேலைகளில்: தவறான விலைப் பட்டியலை எடுப்பது, 12 மாதத்துக்குப் பதில் 11 மாதத்தைக் கணக்கிடுவது, ஆள் இல்லாத சந்தையில் அவசரமாக விற்பது, வரிப் பணத்தையும் சேர்த்து மறுபடி முதலீடு செய்துவிடுவது. இந்தியாவில் குடியிருப்பவர், டிமேட் கணக்கு வழியாக, ஒரு குறியீட்டைப் பின்தொடர்ந்து பங்கு போலச் சந்தையில் கைமாறும் ஈடிஎஃப் வாங்கி விற்று இதை நடத்துவதாக வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

## 1. முதலில் காகித வேலை

பான், ஆதாரோடு இணைந்த கைபேசி எண், உங்கள் பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை, கையெழுத்தின் படம். இவை கையில் இருந்தால் கணக்குத் திறப்பது சில நாள் வேலை. வாரிசு நியமனத்தை அப்போதே முடித்துவிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது டிடிபிஐ என்ற ஒப்புதல் பத்திரம். இதில் கையெழுத்திட்டிருந்தால், நீங்கள் விற்கும்போது தரகர் உங்கள் டிமேட்டிலிருந்து யூனிட்டுகளை எடுத்துக் கொடுக்க முடியும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை விற்கும்போதும் டிபின் என்ற ரகசிய எண்ணும் ஓடிபியும் போட வேண்டும். மாதம் ஒரு நாள் செய்கிற வேலைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் விற்கும் நாளில் பழைய சிம் கார்டு வேலை செய்யாமல் போனால் அந்த மாத மாற்றம் நின்றுவிடும். எந்த வழி என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் பான் எண்ணில் ஒரே ஒரு டிமேட் கணக்குதான் இருக்கிறது, அதில் இருப்பு 4 லட்சத்துக்குள் என்றால், அடிப்படைச் சேவைக் கணக்காக அதை வைத்துக்கொள்ளலாம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. 4 முதல் 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய்.

## 2. மூன்று பெட்டிகளைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பொருள் தேவை: கணக்குப் பார்க்க ஒரு குறியீடு, வாங்கி விற்க ஒரு ஈடிஎஃப். இரண்டும் ஒன்றையே பின்தொடர வேண்டும்.

பங்குக்கு நிஃப்டி 50, வாங்குவது NIFTYBEES. பத்திரத்துக்கு 8 முதல் 13 ஆண்டு முதிர்வுள்ள அரசுப் பத்திரக் குறியீடு, வாங்குவது LTGILTBEES. ரொக்கத்துக்கு நிஃப்டி ஒருநாள் வட்டிக் குறியீடு. வாங்குவது LIQUIDCASE போன்ற, வருமானம் விலையிலேயே சேரும் வளர்ச்சி வகை லிக்விட் ஈடிஎஃப். இதே குறியீடுகளைப் பின்தொடரும் வேறு நிறுவன ஈடிஎஃப்களும் உண்டு. நாள்தோறும் நல்ல அளவில் கைமாறுவதைப் பார்த்து எடுங்கள்.

பத்திரம் இருக்கும்போது ரொக்கப் பெட்டி எதற்கு? 2022-ஐப் பாருங்கள். அமெரிக்காவில் எஸ் அண்ட் பி 500 ஈவுத்தொகையோடு சேர்த்தும் 18 சதவீதம் இறங்கியது; மொத்தப் பத்திரச் சந்தைக் குறியீடும் 13 சதவீதம் இறங்கியது. இந்தியாவில் அதே ஆண்டு மே முதல் டிசம்பர் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.25-க்கு ஏற்றியது. வட்டி ஏறினால் பழைய நீண்டகாலப் பத்திரத்தின் விலை இறங்கும். 'பங்கு சரியில்லை என்றால் பத்திரம்' என்று மட்டும் எழுதிய விதி அந்த மாதிரி ஆண்டில் ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும். ரொக்கம்தான் அந்த இடம்.

## 3. எண்களை எடுக்கும் இடத்தில்தான் பெரிய பொறி

`niftyindices.com` தளத்தில் பழைய மதிப்புகளுக்கான பகுதியில் மூன்று குறியீடுகளும் இலவசமாகக் கிடைக்கும். மூன்றிலும் தவறான பட்டியலை எடுக்க வாய்ப்பு இருக்கிறது.

பங்குக்கு எடுக்க வேண்டியது தொலைக்காட்சியில் ஓடும் நிஃப்டி அல்ல, `Total Returns Index`, அதாவது ஈவுத்தொகையையும் சேர்த்த மதிப்பு. ஈவுத்தொகை ஆண்டுக்கு ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். சிறிய தொகைதான். ஆனால் பங்குக்கும் ரொக்கத்துக்கும் வித்தியாசம் அரை சதவீதமாக இருக்கிற மாதத்தில் அதுதான் முடிவைப் புரட்டும். கூகுள் தாளின் `GOOGLEFINANCE` கொடுப்பதும் வெறும் விலைதான்.

பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் `Clean Price` என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதில் வட்டி சேராது. பத்திரத்தின் வருமானத்தில் பெரும்பகுதி வட்டி என்பதால், அந்தப் பட்டியலை வைத்தால் பத்திரம் எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கும்.

ரொக்கத்தில் உள்ள பொறி இன்னும் வேடிக்கையானது. நாள்தோறும் ஈவுத்தொகை தரும் பழைய வகை LIQUIDBEES விலை 1000 ரூபாயை ஒட்டியே நிற்கும். வருமானம் சிறு சிறு யூனிட்டுகளாகச் சேரும். அதன் விலை வரைபடத்தை ரொக்கமாக எடுத்துக்கொண்டால் 12 மாத வருமானம் பூஜ்யம் என்று வரும். அப்போது பங்கு ஒரு சதவீதம் ஏறியிருந்தாலே இரண்டாவது சோதனையில் தேறிவிடும். சோதனை நடந்த மாதிரி இருக்கும், நடந்திருக்காது.

ஈடிஎஃப் விலையை வைத்தே கணக்குப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. NIFTYBEES 2019 டிசம்பரில் ஒரு யூனிட் பத்தாகப் பிரிக்கப்பட்டது. அதைச் சரிசெய்யாத பட்டியலில் அந்த மாதம் 90 சதவீத வீழ்ச்சி தெரியும். பழைய தரவில் விதியை ஓட்டிப் பார்க்கும்போது இப்படி ஒரு பள்ளம் வந்தால், சந்தையைச் சந்தேகிக்கும் முன் பட்டியலைச் சந்தேகியுங்கள்.

மூன்று மதிப்புகளையும் ஒரே தேதியில் எடுங்கள். பங்குச் சந்தையின் கடைசி வேலை நாள்தான் மாதக் கடைசி. 31-ஆம் தேதி ஞாயிறு என்றால் 29-ஆம் தேதி வெள்ளி மதிப்பு, மூன்றுக்குமே.

## 4. தாளில் கணக்கு

முதல் வரிசை தலைப்பு. A நெடுவரிசையில் மாதக் கடைசித் தேதி, B-யில் பங்கு, C-யில் பத்திரம், D-யில் ரொக்கம். 2-ஆம் வரிசையிலிருந்து 14-ஆம் வரிசை வரை பதின்மூன்று மாதக் கடைசிகளை நிரப்புங்கள். பன்னிரண்டு மாத வளர்ச்சிக்குப் பதின்மூன்று புள்ளிகள் வேண்டும். ரூபாய் நோட்டை எண்ணுவது போல் பன்னிரண்டு வரிசையை எண்ணினால் கிடைப்பது பதினோரு மாதம்தான். 14-ஆம் வரிசையில்:

```
E14: =B14/B2-1
F14: =C14/C2-1
G14: =D14/D2-1
H14: =IF(MAX(E14,F14)<=G14,"ரொக்கம்",IF(E14>F14,"பங்கு","பத்திரம்"))
```

அடுத்த மாதம் 15-ஆம் வரிசையில் மதிப்புகளைப் போட்டு, நான்கு சூத்திரங்களையும் கீழே இழுத்தால் போதும்.

ஒரு மாதத்தை ஓட்டிப் பார்ப்போம்; எண்கள் கணக்குக்காக வைத்தவை. பங்கு 30,000-இலிருந்து 32,100: ஏழு சதவீதம். பத்திரம் 2,500-இலிருந்து 2,725: ஒன்பது சதவீதம். ரொக்கம் 2,200-இலிருந்து 2,343: ஆறரை சதவீதம். பத்திரம் பங்கை முந்தியது, ரொக்கத்தையும் முந்தியது. எனவே பத்திரம். பங்கும் ரொக்கத்தை முந்தியிருக்கிறதே என்று இங்கே கேள்வி வரும். 'முதலில் பங்கை ரொக்கத்தோடு ஒப்பிடு, ஜெயித்தால் பங்கிலேயே இரு' என்று எழுதுகிற வகையும் உண்டு. அந்த வகையில் இதே மாதம் பங்கு என்று வரும். இரண்டும் நியாயமான விதிகள்தான். மாதத்துக்கு ஒன்றாக மாற்றிப் பிடிப்பதுதான் கூடாது. எந்த வகை என்பதைத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.

வித்தியாசம் மிகச் சிறியதாக இருக்கும் மாதங்களுக்கும் முன்கூட்டியே ஒரு வரி எழுதலாம்: 'புதியது பழையதை அரை சதவீதப் புள்ளிக்கு மேல் முந்தினால் மட்டும் மாறு.' இது வீண் அலைச்சலைக் குறைக்கும். ஆனால் அந்த மாதம் வந்த பிறகு எழுதினால் அது விதி அல்ல, சாக்கு.

## 5. மாற்றும் நாள்

கடைசி வேலை நாள் மாலை குறியீடுகளின் முடிவு மதிப்பு வந்த பிறகு கணக்கு. அடுத்த வேலை நாளில் வாங்கல் விற்றல். அன்றே மூன்றரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று பகல் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடைசி அரைமணியில் முடிவு புரளும்.

சந்தை 9:15-க்குத் திறந்ததும் பாயாதீர்கள். முதல் அரைமணி முக்கால்மணி நேரம் ஈடிஎஃப்பில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். பத்தரைக்கு மேல், இரண்டரைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதி நிறுவனத்தின் தளத்தில் அந்த நேரத்து யூனிட் மதிப்பு, அதாவது ஐநாவ், ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பக்கத்துத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் குறித்த விலைக்கே நடக்கும் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். NIFTYBEES-க்கு இது பெரிய பிரச்சினை இல்லை. பத்திர ஈடிஎஃப்பில்தான் கவனம்.

திரையில் இப்படித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்: வாங்க வருபவர் 28.40, விற்க வருபவர் 28.50, ஐநாவ் 28.45. பத்துக் காசு என்றால் அற்பமாகத் தெரியும். விலையில் அது 0.35 சதவீதம். 28.50-இல் வாங்கினால் நியாய விலையை விட 0.18 சதவீதம் கூடக் கொடுக்கிறீர்கள். ஐந்தரை லட்சத்துக்கு அது கிட்டத்தட்ட 970 ரூபாய். 28.46-க்கு ஆர்டர் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் ஒரு காசு ஏற்றுங்கள். 28.50-இல் நிற்பது 2,000 யூனிட் மட்டும், உங்களுக்கு வேண்டியது 19,000 என்றால் கிடைக்கிற விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டவுடன் மேலே மேலே ஏறி 28.90 வரை போய் வாங்கிவிடும். ஈடிஎஃப்பில் புதியவர்கள் பணத்தை இழக்கும் இடங்களில் இந்தப் பொத்தானும் ஒன்று.

முதலில் விற்பனை, பிறகு கொள்முதல். விற்ற பணம் டி+1 முறையில் அடுத்த வேலை நாள்தான் முழுமையாகக் கைக்கு வரும். அன்றே அதை வைத்து வேறொன்று வாங்கச் சில தரகர்கள் முழுத்தொகைக்கும் அனுமதிப்பார்கள், சிலர் ஒரு பகுதிக்கு மட்டும். உங்கள் தரகர் எந்த வகை என்று முதல் மாற்றத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். மீதியை மறுநாள் வாங்குவதால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஊரில் இல்லை, மறந்துவிட்டது என்றால்? ஞாபகம் வந்த வேலை நாளில், மாதக் கடைசி முடிவின்படியே மாற்றுங்கள். புதிதாகக் கணக்குப் போட வேண்டாம், 'விலை திரும்பி வரட்டும்' என்று நிற்கவும் வேண்டாம்.

## 6. செலவு எங்கே இருக்கிறது

5 லட்சத்துக்கு NIFTYBEES வாங்கி, எட்டு மாதம் கழித்து 5,60,000-க்கு விற்று, பத்திரத்துக்குப் போகிறீர்கள். பங்கு ஈடிஎஃப்பை விற்கும்போது எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி 0.001 சதவீதம்: 5 ரூபாய் 60 காசு. தனிப் பங்குகளுக்கான 0.1 சதவீதம் இதற்கு இல்லை. வாங்கும் பக்கம் முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம்: சுமார் 82 ரூபாய். டிமேட்டிலிருந்து எடுத்ததற்கு டிபி கட்டணம், தரகர் கட்டணம், மேலே சொன்ன விலை இடைவெளி எல்லாம் சேர்த்தாலும் ஆயிரம் ஆயிரத்து இருநூறு ரூபாய் கதை.

வரியைப் பாருங்கள். 12 மாதத்துக்குள் விற்றதால் இது குறுகிய கால லாபம். 2024 ஜூலை 23 முதல் விகிதம் 20 சதவீதம். அதன் மேல் 4 சதவீத செஸ். 60,000 லாபத்துக்கு 12,480 ரூபாய். இதே லாபம் 12 மாதம் தாண்டி வந்திருந்தால், அந்த நிதியாண்டில் வேறு நீண்டகாலப் பங்கு லாபம் இல்லாதவருக்கு வரியே இல்லை, 1.25 லட்சம் வரை விலக்கு, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். ஆக, இந்த விதியின் உண்மையான செலவு தரகுக் கட்டணம் அல்ல, பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே விற்க வைப்பதுதான். பழைய தரவில் ஓட்டிக் காட்டப்படும் பெரும்பாலான அழகான வரைபடங்களில் இந்த 12,480 கழிக்கப்பட்டிருக்காது.

பத்திர ஈடிஎஃப்புக்கும் லிக்விட் ஈடிஎஃப்புக்கும் அந்தச் சலுகைகூட இல்லை. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது என்றால் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் லாபம் உங்கள் வருமான வரி அடுக்கில் சேரும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்து, நூறு ரூபாய் லாபத்தில் 31 ரூபாய்க்கு மேல் போய்விடும்.

எனவே விற்ற அன்றே வரித்தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். இந்த உதாரணத்தில் பத்திரத்துக்குப் போக வேண்டியது 5,60,000 அல்ல, 5,47,500. ஆண்டின் மொத்த வரியில், பிடித்தம் போக 10,000 ரூபாய்க்கு மேல் நிற்குமானால் முன்கூட்டி வரியும் கட்ட வேண்டும்: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. லாபம் வந்த பிறகு வரும் தவணைகளில் கட்டினால் போதும். வருமுன்பே ஊகித்துக் கட்டவில்லை என்று வட்டி போடமாட்டார்கள்.

'இன்னும் இருபது நாளில் 12 மாதம் முடிகிறது, அதுவரை பொறுப்போம்' என்ற ஆசை கண்டிப்பாக வரும். பொறுக்கலாம், தவறில்லை, ஆனால் அதையும் விதியாகவே எழுதுங்கள்: 30 நாளுக்குள் ஆண்டு முடியும் யூனிட்டுகளுக்கு மட்டும், ஒரே ஒரு மாதம்.

## 7. இது எதைக் காப்பாற்றும், எங்கே கைவிடும்

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 28-இல் நிஃப்டி 11,202. ஓராண்டுக்கு முன் 10,793. ஏற்றம் நான்கு சதவீதத்துக்கும் கீழே. ஈவுத்தொகை சேர்த்தால் ஐந்தை ஒட்டி. அந்த ஓராண்டில் ரெப்போ 6.25-இலிருந்து 5.15-க்கு இறங்கியிருந்ததால் நீண்டகால அரசுப் பத்திரம் பங்கைத் தெளிவாக முந்தியிருந்தது. விதி பத்திரத்தில் இருக்கச் சொல்கிறது. மார்ச் 31-இல் நிஃப்டி 8,598. ஒரே மாதத்தில் 23 சதவீத அடி, அது உங்கள் மேல் விழவில்லை.

இதுவரை கேட்க நன்றாக இருக்கிறது. திரும்பி வருவதைப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் 11,642. முந்தைய அக்டோபரில் 11,877. சந்தை அடிமட்டத்திலிருந்து பாதிக்கு மேல் ஏறிவிட்டது, ஆனாலும் 12 மாதக் கணக்கு இன்னும் இறக்கத்தில். பங்குக்குத் திரும்ப வாய்ப்பே நவம்பர் கடைசியில்தான், அப்போது நிஃப்டி 12,969. வெளியே நின்றபோது இருந்த 11,202-ஐ விட 16 சதவீதம் மேலே. மார்ச்சில் தப்பித்தவர், எதுவும் செய்யாமல் அப்படியே பிடித்திருந்தவரை விடக் கூடுதல் விலை கொடுத்துத்தான் பங்கை மீண்டும் வாங்கினார். நடுவே பத்திரம் கொடுத்தது அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. 12 மாதக் கணக்கு மெதுவாகத் திரும்பும். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு இறங்கும் சந்தையில் அது காப்பாற்றும். ஐந்து வாரத்தில் விழுந்து எட்டு மாதத்தில் எழும் சந்தையில் பின்தங்கும். மாத நடுவில் தொடங்கி மாத நடுவிலேயே முடிகிற வீழ்ச்சியை அது பார்க்கவே பார்க்காது. அந்த ஏழெட்டு மாதம் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தாள் 'பத்திரம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும், சந்தை கண்ணெதிரே ஏறிக்கொண்டிருக்கும். விதியை விட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஓடுகிறார்கள். அதைத் தாங்க முடியாது என்று தோன்றினால் மொத்தப் பணத்தையும் இதில் போடாதீர்கள். பாதியை விதிக்கும் மீதியைச் சும்மா இருக்கும் நிஃப்டி ஃபண்டுக்கும் கொடுக்கலாம்.

## 8. ஆண்டுக் கடைசிக் கணக்கு

மாதாமாதம் புதிதாகப் பணம் சேர்ப்பவர்கள், அந்த மாதம் எந்தப் பெட்டி திறந்திருக்கிறதோ அதில் போடுங்கள். ஆனால் ஒவ்வொரு கொள்முதலுக்கும் தனித்தனி 12 மாதக் கடிகாரம் ஓடும் என்பதை மறக்காதீர்கள். டிமேட்டில் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கு. ஒரே நாளில் விற்றதில் ஒரு பகுதி நீண்டகாலம், மறுபகுதி குறுகிய காலம் என்று பிரிந்துவிடும்.

மூலதன லாபம் என்று வந்துவிட்டால் சம்பளக்காரர்கள் பொதுவாக ஐடிஆர்-2 படிவத்துக்குப் போக வேண்டும். தரகர் தரும் வரி அறிக்கையை வருமான வரித் தளத்தில் இருக்கும், உங்கள் ஆண்டுப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிக்விட் ஈடிஎஃப் விற்பனைதான் பெரும்பாலும் விட்டுப்போகும். நஷ்டத்தில் விற்ற ஆண்டில் கெடு தேதிக்குள் தாக்கல் செய்வது இன்னும் முக்கியம். குறுகிய கால நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோய் வருங்கால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். தாமதமாகத் தாக்கல் செய்தால் அந்த ஆண்டு நஷ்டம் அடுத்த ஆண்டுக்குப் போகாது.